குடத்தின் நடுக்கோடு

ஆராவமுதன் எடுக்கிற போட்டோவில் எவனும் அழகாக விழமாட்டான் என்று திருவள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொய்யும் இல்லை. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் நெகடிவ் மேல் கூரான பென்சிலை வைத்துத் தழும்பு, பரு, கண்ணடிக் கருப்பு எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுவார்கள். ஆராவமுதன் பென்சிலைத் தொடமாட்டான். அம்மைத் தழும்போடு வந்தவன் அம்மைத் தழும்போடுதான் திரும்பிப் போவான். பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு ஒருத்தரும் அவனிடம் வருவதில்லை. பாகத் தகராறில் இடிந்த சுவரைக் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் தேடுவார்கள்.

அவனுக்கு அதில் கர்வம். அண்ணன் ராமபத்ரன் வீரராகவப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்கிறவர். "அவர் தளிகையில கலப்படம் பண்ண மாட்டார், நான் படத்துல பண்ண மாட்டேன்" என்று ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். ஊரில் சிலர் இதைப் பெருமையாக நினைத்தார்கள். பலர் இவனுக்குப் பிழைக்கத் தெரியாது என்றார்கள். வீட்டில் பூமா ஒன்றும் சொன்னதில்லை. அவள் எதைப் பற்றியும் அதிகம் சொல்கிறவள் இல்லை.

இப்படிப்பட்டவனைத் தேடி அருணாச்சலம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் லாரி ரோட்டை ஒட்டி ஷெட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு ஷெட்டில் அவன் 'சுடர்க்கொடி பாத்திரப் பவுடர்' போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைக்கல் மாவு, கொஞ்சம் சோப்புத்தூள், பித்தளைக் கறுப்பை எடுக்க எலுமிச்சை உப்பு. பவுடர் நல்ல பவுடர்தான். போஸ்டர்தான் அவனைக் கவிழ்த்துவிட்டது.

"பட்டணத்துல ஒருத்தன் எட்த்துக் குட்த்தான் சாமி" என்றான் அருணாச்சலம். "முன்னே, பின்னேன்னு பாதி பாதியா. கருப்புக் கொடம் ஒண்ணு, கடையிலர்ந்து புதுக் கொடம் ஒண்ணு. பெரியபாளையத்துல ஒட்னோம். ஒரு பொம்பள நின்னு பாத்துட்டு, 'இன்னாயா, பவுடர் போட்டு தேச்சா கொடத்து வாயே மாறிப்பூடுமா'ன்னு கேட்டுச்சி. கடத்தெருவே சிரிச்சிது. அதுலர்ந்து ஒரே பேஜாரு. ஆடி அமாவாசைக்குள்ள புதுசா ஒண்ணு போட்டாவணும். இல்லன்னா ஷெட்டை மூட்ற மாதிரிதான்."

"ஒரே குடம். ஒரே வெளிச்சம். ஒரே படம்" என்றான் ஆராவமுதன். "பாதியைத் தேய்க்கணும், பாதியை விடணும். உங்க பவுடர் எவ்வளவு பண்றதோ அவ்வளவுதான் படத்துல வரும். போகாத கறை போகலைன்னுதான் தெரியும். சம்மதமா?"

"அதுக்குத்தான் சாமி உங்ககிட்ட வந்தது."

ஆராவமுதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை நாளில் ஒருத்தன் அவனுடைய குணத்துக்காகவே வந்து நின்றான்.

ஆனால் படம் எடுக்க அழுக்குக் குடம் வேண்டும். அதுவும் தானாக அழுக்கான குடம். விளக்குக் கரியைத் தடவிக் கறுப்பாக்கினால் துணியால் துடைத்தாலே போய்விடும், அது பவுடரின் சாமர்த்தியம் ஆகாது. ஆகவே ஷெட்டில் பாக்கெட் போடும் பெண்களிடம் அருணாச்சலம் மூலமாக வீட்டில் தேய்க்காமல் கிடக்கும் பித்தளைப் பாத்திரம் ஏதாவது கொண்டுவரச் சொன்னான். மறுநாள் அவன் ரயிலும் பஸ்ஸும் மாறிக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது, மேஜைமேல் தவலை, சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பளபளவென்று முகம் காட்டியது. ராத்திரியே புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"அழுக்கா கேட்டேனே அம்மா" என்றான்.

கிரேஸ் என்கிற பெண் சிரித்துவிட்டாள். "எப்டி சார் அழுக்கா எட்த்துக்கினு வர்றது? பேரு வெட்டிக்கீதே சார். நாலு பேரு பாத்தா ஊட்டு மானம் இன்னா ஆவும்?"

நியாயமான பேச்சு. ஆராவமுதன் தலையாட்டினான். ஆனால் அது காதில் விழுந்த அளவுக்கு மனசில் விழவில்லை. அவன் கண் அவளுடைய சொம்பின் மேல் இருந்தது. அருணாச்சலம் பவுடரை ஈரத்தில் குழைத்து அதன் ஒரு பக்கம் தேய்த்துக் காட்டினான். மினுக்கு நன்றாகத்தான் வந்தது. ஆனால் 'கிரேஸ்' என்று வெட்டியிருந்த எழுத்துக் குழிகளில் வெள்ளை மாவு போய் உட்கார்ந்துகொண்டது. கழுவியும் போகவில்லை.

"இது குச்சியால குத்தி எட்த்தா பூடும்" என்றான் அருணாச்சலம் அவசரமாக.

படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று ஆராவமுதன் நினைத்துக்கொண்டான். பெயர் உள்ள பக்கத்தைத் தேய்க்காத பாதியில் வைத்துவிட வேண்டும் என்றும் அப்போதே முடிவு செய்துகொண்டான். அது ஒரு தொழில் யோசனை, அவ்வளவுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். பூமா அப்போது அரக்கோணத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மனைவிக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போயிருந்தாள்.

"பரண்ல அவாத்துக் குடம் ஒண்ணு கெடக்கே" என்றாள் ஜானகியம்மாள். "எடுத்துண்டு போயேன். யாருக்கு வேணும் அது?"

பரணில் பழைய பாய்க்குப் பின்னால் குடம் கிடந்தது. பூமாவின் கல்யாணச் சீரோடு வந்த குடம். அவள் அப்பா திருவாலங்காடு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. அவரால் முடிந்த கனத்தில் வாங்கி, முடிந்த மட்டும் பெரிய எழுத்தில் 'பூமா' என்றும், கீழே சின்னதாக 'திருவாலங்காடு' என்றும் வெட்டிக் கொடுத்திருந்தார். சீர் இறங்கிய அன்று ஜானகியம்மாள் அதை விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள். "தகரம் மாதிரின்னா சத்தம் வரது" என்றாள் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. அன்று பரண் ஏறிய குடம் இன்றுவரை இறங்கவில்லை. ஆராவமுதன் அன்று மாப்பிள்ளைக் கோலத்தில் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அதெல்லாம் அவனுக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. பழுப்பும் கறுப்புமாக, கழுத்தோரம் பச்சைக் களிம்போடு, கேட்டு வாங்கினாலும் கிடைக்காத அழுக்கு என்றுதான் பார்த்தான்.

ஸ்டுடியோவின் பின்கட்டில் வேலை நடந்தது. குடத்தின் வாயிலிருந்து அடிவரை நூல் பிடித்து நேராகப் பிளாஸ்திரி ஒட்டினான். பெயர் இடப் பாதியில் விழும்படி திருப்பி வைத்துவிட்டு, வலப் பாதியை மட்டும் அருணாச்சலத்தையே தேய்க்கச் சொன்னான். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு, பாக்கெட்டில் போட்டிருக்கிற மாதிரி. அதற்கு மேல் ஒரு தேய்ப்புக்கும் விடவில்லை. கழுத்தோரக் களிம்பு முக்கால்வாசி போய்க் கொஞ்சம் நின்றது.

"இன்னும் கொஞ்சம் தேச்சிக்கறேனே சாமி."

"உங்க பவுடர் வாங்கற பொம்மனாட்டி அவ்வளவு நேரம் தேய்ப்பாளா? விடுங்கோ. அந்தப் பச்சை அப்படியே இருக்கட்டும்."

பிளாஸ்திரியை உரித்ததும் நடுவில் கத்தியால் வகுந்த மாதிரி ஒரு கோடு நின்றது. ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் பொன். ஆனால் படத்தில் அப்படியே பிடிப்பது லேசு இல்லை. தேய்த்த பாதி கண்ணாடி போல எதிரில் இருப்பதை எல்லாம் காட்டும். விளக்கைப் போட்டால் அந்த இடம் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். அதனால் விளக்கே போடவில்லை. குடத்தைச் சுற்றி வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு, முற்றத்து வெளிச்சம் துணியில் பட்டு இரண்டு பாதியின் மேலும் ஒரே மாதிரி விழும்படி செய்தான்.

"அழுக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் கருப்பா வராதா?" என்றான் அருணாச்சலம்.

"வரும். பழுப்பைக் கறுப்பாக் காட்டற பிலிம் இருக்கு. கழுவறப்போ மருந்துல கூட நேரம் வெச்சாலும் கருப்பு ஏறும். நான் ரெண்டும் பண்ண மாட்டேன். கண்ணுக்கு எப்படியோ படத்துக்கும் அப்படி."

பிரிண்ட் வந்தது. வித்தியாசம் யாருக்கும் தெரியும். களிம்புப் புள்ளியும் தெரிந்தது. இடப் பாதியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், 'பூமா' என்ற எழுத்துகளும் கீழே ஊர்ப் பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

அருணாச்சலம் தயங்கினான். "சாமி, அந்தப் பேரு... ஊட்ல அம்மா பேரு தானே? தடவிட்றலாமா? பென்சிலு வச்சி."

நல்ல மனுஷன், கேட்டான். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தப்பித்திருக்கும். ஆராவமுதன் சிரித்தான்.

"என் நெகடிவ் மேல பென்சில் பட்டதில்லை. இனிமேலும் படாது. பேர் இருந்தாத்தான் நெஜக் குடம்னு ஜனங்க நம்புவா."

ஆடி பிறந்தது. பட்டணத்தில் பிளாக் செய்து அச்சடித்த போஸ்டர் பெரியபாளையம் கோயில் வழியிலும், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைகளிலும், திருவள்ளூர் தேரடியிலும் ஏறியது. 'முன்' என்று இடப்பக்கம், 'பின்' என்று வலப்பக்கம், நடுவில் கோடு. ஆள் உயரக் குடம். போஸ்டர் ஒட்டிய அன்றே ஆராவமுதன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனான்.

அமாவாசைக் கூட்டம் குளத்துக்கு வந்திறங்கிய நாளில் பூமா அரக்கோணத்திலிருந்து திரும்பினாள். பையோடு தேரடியில் இறங்கியவள் தன் பெயரை ஆள் உயரத்தில் பார்த்தாள். கறுத்த பாதியில். குளிக்க வந்த வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்றீ இந்தப் பூமா? இப்டிப் போட்டு வச்சிக்கிறா கொடத்த."

"எவளோ சோம்பேறி."

பூமா அதை வீட்டில் சொல்லவில்லை. வந்தாள், குளித்தாள், சமையலைப் பார்த்தாள். மறுநாள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தாயார் சன்னிதிக்கும் போகவில்லை. தலைவலி என்றாள். ஆராவமுதன் தைலம் வாங்கி வந்தான். அவன் புத்தி அவ்வளவுதான் எட்டியது.

எதிர்வீட்டுப் பங்கஜவல்லிதான் உடைத்தாள். வாசலில் நின்று, உள்ளே கேட்கிற குரலில், "ஜானகி மாமி, பூமாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு இந்தப் பவுடர் ரெண்டு பாக்கெட் வாங்கினேன். பாவம், தேய்க்க நேரமே இல்லை போலிருக்கு" என்றாள். ஜானகியம்மாள் உள்ளே போய்விட்டாள். பாக்கெட்டைப் பூமாதான் வந்து வாங்கிக்கொண்டாள். "வெச்சுக்கறேன் மாமி" என்றாள். அவள் கழுத்துவரை சிவந்திருந்ததை ஆராவமுதன் கூடத்திலிருந்து பார்த்தான்.

செருப்பைக்கூடப் போடாமல் தேரடிக்கு நடந்தான்.

இந்தத் தடவை படத்தைப் பார்க்கவில்லை, படித்தான். முன். பூமா. திருவாலங்காடு. மாமனார் ஆசையாக வெட்டிக் கொடுத்த எழுத்து. அந்தக் கறுப்பில் ஒரு துளிகூட அவள் ஏற்றியது இல்லை. அவன் வீட்டுப் பரண் ஏற்றியது. அவன் அம்மா தட்டிப் பார்த்த விரல் ஏற்றியது. தூண் பக்கம் நின்ற அவன் ஏற்றியது. பெயர் மட்டும் அவளுடையது.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. பெயரை ஏன் அந்தப் பக்கம் திருப்பினான்? எழுத்தில் மாவு தங்கும், அது படத்தில் தெரியக்கூடாது என்று. பவுடரின் குறையை மறைக்கத்தான் திருப்பினான். களிம்புப் புள்ளியைக் காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டவன், அந்த வெள்ளை மாவை ஒளித்துவிட்டு அதற்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறான். பென்சில் பிடிக்காத கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டதை நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்ப்பது போலத்தான் இருந்தது.

ஸ்டுடியோவில் அருணாச்சலம் காத்திருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சாமி, சரக்கு நிக்கல. பெரியபாளையத்துல பவுடர் பேர யாரும் சொல்றதில்ல. 'அந்த பூமா பவுடர் குடு'ன்னு கேக்கறாங்களாம். கொடத்துல பேரு கீதுன்னதும் நெசக் கொடம்னு நம்பிட்டாங்க. பாக்கெட்டுக்கும் அதே படத்தப் போட்டு, பேரையே பூமா பவுடர்னு மாத்திடலாம்னு கீறேன்."

"வேண்டாம்."

"இன்னா சாமி?"

"பாக்கெட்டுக்கு அந்தப் படம் வேண்டாம். வேற எடுத்துத் தரேன். பேரு சுத்தமான பக்கம் வர மாதிரி. எழுத்துல மாவு நிக்கும், அதுவும் தெரியட்டும். குச்சியால எடுக்கணும்னு பாக்கெட்லயே போட்டுடுங்கோ." அவன் குரல் கெஞ்சியது. "அருணாச்சலம், அது என் ஆத்துக்காரி பேரு. நீங்க கேட்டேள். நான்தான் கேக்கலை."

அருணாச்சலத்தின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவனும் குடும்பஸ்தன். "எட்த்துக் குடுங்க சாமி" என்றான். "நான் நிறுத்தி வச்சிக்கறேன்."

பின்கட்டில் குடத்தைத் தேடினால் காணவில்லை. பக்கத்துக் கடைக்காரன், அப்போதே பூமா வந்து எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னான். ஆராவமுதன் வீட்டுக்கு ஓடினான்.

பூமா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். பங்கஜவல்லி கொடுத்த பாக்கெட் பிரிந்து கிடந்தது. குடத்தின் கறுத்த பாதியில் பெரும்பகுதியைத் தேய்த்தாகிவிட்டது. முந்தித் தேய்த்ததும் இப்போது தேய்த்ததும் சேருகிற இடத்தில் மட்டும், பிளாஸ்திரி ஓரம் இருந்த கோடு மெல்லியதாக நின்றது. அவள் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னான்.

"தேரடிப் போஸ்டரை எல்லாம் கிழிச்சுடறேன்."

"ஊர் பூராக் கிழிச்சிண்டே போவேளா? பாக்காதவாளும் என்னன்னு வந்து பாப்பா."

"வேற படம் எடுக்கறேன் பூமா. உன் பேரு இந்தப் பக்கம், பளபளன்னு இருக்கற பக்கம் வரும். அருணாச்சலத்துக்கிட்ட சொல்லிட்டேன். இதே குடத்தை வெச்சுதான் எடுக்கணும்." சொல்லும்போதே அவன் குடத்தைப் பார்த்தான். படம் எடுக்கக் கறுப்புப் பாதியே மிச்சம் இல்லை.

அவள் கையை எடுக்காமல் சொன்னாள். "எடுங்கோ. ராமரே பதினாலு வருஷத்துல ஊர் திரும்பிட்டார். இது பதினேழு வருஷம் உங்காத்துப் பரண்ல கெடந்தது. திரும்பவும் ஏத்தி வையுங்கோ. கறுத்ததும் சொல்றேன், வந்து படம் எடுத்துக்கலாம்."

உள்ளே ஜானகியம்மாள் எதையோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பூமா கோபமாகச் சொல்லியிருந்தால் ஆராவமுதன் தாங்கியிருப்பான். அவள் பருப்பு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னாள். "அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்" என்றான். "அம்மாகிட்ட. சீர் எறங்கின அன்னிக்கே."

"ஆமாம்" என்றாள்.

அவ்வளவுதான். குடத்தைத் தண்ணீர் விட்டு அலம்பினாள். வெயில் பட்டு அது முழுசாக மினுங்கியது. 'பூமா' என்ற எழுத்துக் குழிகளில் மட்டும் வெள்ளை மாவு அடைத்துக்கொண்டு, கழுவியும் போகாமல் இருந்தது. அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து குத்தி எடுக்க ஆரம்பித்தாள்.

அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் குச்சியைக் கொடுக்கவில்லை. கடைசி எழுத்துவரை தானே எடுத்து முடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் தெருக்குழாய்க்குப் போனாள்.